கயல்விழியின் சாப்பாடு பற்றி வகுப்பாசிரியைக்கு ஒரு கடிதம்

கும்பகோணம்
1.9.2025

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கும் கயல்விழியின் அம்மா எழுதுகிறேன். அவளுக்குச் சீலியாக் நோய் இருப்பதை ஜூனில் பள்ளி திறந்தபோதே உங்களிடம் சொல்லியிருந்தேன். மதியம் வீட்டுச் சாப்பாடுதான் என்பதால் அப்போது விரிவாகப் பேச வேண்டி வரவில்லை. போன வாரம் முதல் நம் பள்ளியிலும் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வந்துவிட்டது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுவதைப் பார்க்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் வாரத்தில் பெரும்பாலான நாள் ரவை, சேமியா, கோதுமை ரவை. இவற்றில் ஒன்றுகூடக் கயல் சாப்பிடக் கூடாது. அதனால்தான் எல்லாவற்றையும் எழுதித் தருகிறேன். நீங்கள் லீவு எடுக்கும் நாளில் வகுப்புக்கு வருகிற டீச்சருக்கும் இது கைக்குக் கிடைக்கும்படி வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டால் உதவியாக இருக்கும்.

முதலில் நோயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் கயலின் உடம்பே தன் சிறுகுடலைத் தாக்க ஆரம்பித்துவிடுகிறது. சிறுகுடலின் உட்புறத்தில், பூத்துவாலையில் நூல் எழும்பி நிற்பதுபோல, சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல்கள் இருக்கின்றன. அவை தேய்ந்து தட்டையாகிவிடும். அப்புறம் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. இரண்டாம் வகுப்பில் அவள் அடிக்கடி வயிற்று வலி என்று படுத்துக்கொண்டதும், வாய்ப்புண் வந்ததும், ரத்த சோகை இருந்ததும், வகுப்பிலேயே குள்ளமாக இருந்ததும் இதனால்தான். பூச்சி மாத்திரை கொடுத்தோம், டானிக் கொடுத்தோம், திருஷ்டியும் சுற்றிப் போட்டோம். மே மாத விடுமுறையில் ரத்தப் பரிசோதனையும் அதன் பிறகு எண்டோஸ்கோப்பியும் செய்தபோதுதான் காரணம் தெரிந்தது. டாக்டர் சான்றிதழின் நகலைத் தலைமையாசிரியையிடம் கொடுத்திருக்கிறேன்.

இதற்கு மருந்து கிடையாது. குளூட்டனை அறவே விடுவதுதான் வைத்தியம், அதுவும் ஆயுளுக்கும். இது தொற்றும் நோயும் இல்லை.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். "ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்" என்ற பேச்சு இவள் விஷயத்தில் செல்லாது. ஒரு துண்டு பிஸ்கட்டே குடலைப் புண்ணாக்கப் போதும். தின்ற அன்று அவள் ஓடி விளையாடிக்கொண்டு நன்றாகவே தெரியலாம். உள்ளே நடக்கும் சேதம் வெளியே தெரியாது. எங்கள் சொந்தக்காரர்களே, "சர்க்கரைக்காரர்கள்கூட சப்பாத்திதானே சாப்பிடுகிறார்கள், கோதுமை நல்லதுதானே" என்கிறார்கள். நல்லதுதான், இவளைத் தவிர. நம் ஊர்ப்பக்கம் அரிசிச் சாப்பாடு என்பதால் இந்த நோயைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. வட இந்தியாவில் இது நன்றாகத் தெரிந்த நோய்.

காலை உணவுக்கு இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன். வீட்டிலேயே சாப்பிட வைத்து அனுப்பிவிடலாம்தான், ஆனால் அவளுக்கும் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட ஆசை. நீலப் பையில் எவர்சில்வர் டப்பா இரண்டு கொடுத்தனுப்புகிறேன். மூடியில் அவள் பெயர் வெட்டியிருக்கும், சிவப்பு ரப்பர் பேண்டும் போட்டிருப்பேன். சின்ன டப்பா காலைக்கு, பெரியது மதியத்துக்கு. காலையில் இட்லி, இடியாப்பம், கேழ்வரகுப் புட்டு என்று ஏதாவது இருக்கும். அவளை வரிசையிலேயே, அவள் தோழிகள் பக்கத்திலேயே உட்கார வையுங்கள். பக்கத்துப் பிள்ளை உப்புமா சாப்பிடுவதால் இவளுக்கு ஒன்றும் ஆகாது. தனியாக ஒரு மூலையில் உட்கார வைக்க வேண்டியதே இல்லை. கீழே விரித்துக்கொள்ள ஒரு துணி பையில் இருக்கும், டப்பாவை அதன் மேல் வைத்துக்கொள்வாள்.

புதன்கிழமை பொங்கல் என்றால் அரிசியும் பாசிப்பருப்பும்தானே, கொடுக்கலாமே என்று தோன்றும். அன்றும் வேண்டாம் டீச்சர். முதல் நாள் ரவை கிளறிய அண்டா, அதே கரண்டி, சாம்பாரில் பெருங்காயம். கடையில் விற்கும் பெருங்காயம் பலவற்றில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் படிக்கும் வரை எனக்கே இது தெரியாது. சமைக்கும் சுய உதவிக் குழு அக்காக்கள் பாசத்தில் "இன்னிக்கு மட்டும் கொஞ்சம்" என்று வைத்துவிடக்கூடும். நானும் அவர்களிடம் பேசுகிறேன், நீங்களும் ஒரு வார்த்தை சொன்னால் மனதில் நிற்கும்.

மதியம் சத்துணவில் சாதம் என்றாலும் மசாலாப் பொடியில் என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாததால் வீட்டுச் சாப்பாடுதான். முட்டை மட்டும் விதிவிலக்கு. ஓட்டோடு வேகும் முட்டையால் தொந்தரவு இல்லை. மசாலாவில் போடுவதற்கு முன்பே ஒன்றை ஓட்டோடு எடுத்து அவள் டப்பா மூடியில் வைத்துவிடுவதாகச் சத்துணவு அக்கா ஒப்புக்கொண்டிருக்கிறார். அது விட்டுப்போனால் அன்றைக்கு முட்டை இல்லாமலே இருக்கட்டும்.

சாப்பிடும் முன் அவள் கையைச் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவ வேண்டும். கையில் தடவும் சானிடைசர் கிருமிக்குத்தான், ஒட்டியிருக்கும் மாவை அது எடுக்காது. தண்ணீர் பாட்டிலும் ஸ்பூனும் அவளுக்கு மட்டும். பிஸ்கட் தின்ற வாயோடு இன்னொரு பிள்ளை பாட்டிலில் வாய் வைத்துக் குடித்தால் துகள் உள்ளே போய்விடும்.

எனக்கு உண்மையில் பயம் சமையலறையை நினைத்து இல்லை, காக்கா கடியை நினைத்துத்தான். பாவாடையில் வைத்துக் கடித்து ஆளுக்குப் பாதி தருவதுதானே இந்த வயதுச் சிநேகம்! அதைக் கெடுக்க மனமில்லை. கயலுக்கு விதி தெரியும்: "அம்மா கொடுத்த டப்பாவில் இருப்பதுதான்." அவள் டப்பாவிலிருந்து மற்றவர்களுக்குக் கொடுக்கலாம், தனி ஸ்பூனால் எடுத்து. யாரிடமும் அவள் வாங்கக் கூடாது. ஆனாலும் எட்டு வயதுதானே. வகுப்பில் நீங்கள் ஒருமுறை, "கயலுக்குக் கோதுமை ஒத்துக்காது, யாரும் ஊட்டிவிடக் கூடாது, மற்றபடி எல்லா விளையாட்டுக்கும் அவள் உண்டு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டால் போதும். நோய் என்ற சொல் வேண்டாம் என்பது என் ஆசை. போன வாரம் ஒரு பையன் "உனக்கு என்ன வியாதி" என்று கேட்டுவிட்டானாம், வீட்டுக்கு வந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறந்தநாள் சாக்லேட், சுதந்திர தினத்து லட்டு, ஆயுத பூஜைப் பொரி என்று ஏதாவது வந்துகொண்டேதான் இருக்கும். வேஃபர், பிஸ்கட், மால்ட் சேர்ந்த சாக்லேட்டுகள் ஆகாது. மால்ட் என்றால் பெரும்பாலும் பார்லி. கடை லட்டு கடலை மாவில்தான் செய்தது என்றாலும் அதே இடத்தில் மைதா பலகாரமும் போடுகிறார்கள், நம்ப முடியாது. அதனால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கடலை மிட்டாய், எள்ளுருண்டை, வீட்டில் சுட்ட அரிசி முறுக்கு போட்டுத் தருகிறேன். உங்கள் பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்கே இனிப்பு கொடுக்கும்போது இவளுக்கு அதிலிருந்து ஒன்று. முந்தின நாளே தெரிந்தால் டைரியில் எழுதுங்கள், அதே போன்ற ஒன்றை நான் செய்து அனுப்பிவிடுவேன். கேசரி என்றால் அவளுக்குச் சாமை அரிசியில் கிண்டித் தருவேன், ருசி அப்படியொன்றும் குறையாது.

சாப்பாடு அல்லாத ஒன்றும் இருக்கிறது. எண்ணும் எழுத்தும் வகுப்பில் அட்டை ஒட்டுகிறீர்கள். மைதா காய்ச்சிய பசை என்றால் அவளுக்கு மட்டும் அதற்குப் பதில் கடைக் கோந்து கொடுங்கள், நானே வாங்கி அனுப்புகிறேன். தொட்டால் தோல் வழியாக ஏறாது, ஆனால் இந்தப் பிள்ளை விரலை வாயில் வைக்கும் பழக்கத்தை இன்னும் விடவில்லை. கடையில் விற்கும் வண்ண மாவுக் களியிலும் கோதுமை இருக்கும். குளத்துக் களிமண் என்றால் தாராளமாகப் பிசையட்டும். பள்ளியில் இரும்புச் சத்து மாத்திரை, பூச்சி மாத்திரை கொடுக்கும் நாளில் முன்னதாகச் சொல்லுங்கள். மாத்திரையில் என்ன மாவு சேர்த்திருக்கிறார்கள் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ரத்த சோகைக்கு அவள் வீட்டில் வேறு மருந்து எடுத்துக்கொள்கிறாள்.

எவ்வளவு பார்த்தாலும் ஒருநாள் தவறி எதையாவது சாப்பிட்டுவிடலாம். அப்படி நடந்தால் பதற வேண்டாம், அவளைத் திட்டவும் வேண்டாம். திட்டினால் அடுத்த முறை மறைப்பாள். சில அலர்ஜிகளில் வருவதுபோல உடனே மூச்சுத் திணறும் நோய் இல்லை இது, ஊசி எதுவும் தேவையில்லை. வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, எனக்கோ அவள் அப்பாவுக்கோ போன் செய்யுங்கள். எண்கள் டைரியின் முதல் பக்கத்தில் இருக்கின்றன. சில மணி நேரம் கழித்து வயிற்று வலி, வாந்தி, பேதி வரலாம், சோர்ந்தும் போவாள். அன்று அவள் பாத்ரூம் போக எழுந்தால் பாடம் முடியட்டும் என்று காத்திருக்க வைக்காமல் விட்டுவிடுங்கள். மாற்று உடை ஒன்று பையின் அடியில் இருக்கும். ஒன்றுமே ஆகாமல் இருந்தாலும் என்ன சாப்பிட்டாள் என்று டைரியில் எழுதிவிடுங்கள். அடுத்த ரத்தப் பரிசோதனையின்போது டாக்டர் கேட்பார்.

ஜூனுக்குப் பிறகு அவள் வயிற்று வலி என்று சொல்வது வெகுவாகக் குறைந்திருக்கிறது. போன வருட யூனிஃபார்ம் இப்போது குட்டையாகிவிட்டது. கணக்கு வகுப்பில் தூங்குவதும் நின்றிருந்தால் அதையும் சொல்லுங்கள், எனக்கு அது ஒரு நல்ல அடையாளம்.

நாற்பது பிள்ளைகளைப் பார்க்கும் உங்களுக்கு இது கூடுதல் வேலைதான், தெரியும். தினம் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: அவள் வாய்க்குப் போவது அவள் டப்பாவிலிருந்து வந்ததா என்று. மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இதில் எது நடைமுறைக்குச் சரிவராது என்று தோன்றினாலும் தயங்காமல் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம். நாளை மாலை பள்ளி விடும் நேரத்தில் பீரோவுக்கான டப்பாவையும் கோந்தையும் கொண்டுவருகிறேன். ஐந்து நிமிடம் ஒதுக்க முடிந்தால் சமையல் அக்காக்களையும் சேர்ந்தே பார்த்துவிடலாம்.

நன்றியுடன்,
சுமதி
(கயல்விழியின் அம்மா)