பாடசாலை விடுகைப் பத்திரமும் அதன் மொழிபெயர்ப்பும்: இணைப்புக் குறிப்பு

மாங்குளம், முல்லைத்தீவு மாவட்டம், இலங்கை
10 ஜூன் 2025

துறைத் தலைவர் அவர்கட்கு,
இந்திய ஆய்வியல் துறை, மலாயாப் பல்கலைக்கழகம், கோலாலம்பூர்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

இளங்கலைப் படிப்புக்கான என் விண்ணப்பத்துடன் பாடசாலை விடுகைப் பத்திரத்தையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைத்துள்ளேன். மொழிபெயர்ப்பு சேர்க்கை அலுவலகத்துக்கானது. உங்கள் துறையில் மூலத்தையே நேரடியாக வாசிப்பீர்கள் என்பதால் இக்குறிப்பைத் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்த்தவர் ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். ஒவ்வொரு பக்கத்திலும் அவருடைய கையொப்பமும் முத்திரையும் உள்ளன. உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களம் ஆங்கிலத்திலேயே தந்திருப்பதால் அதை மொழிபெயர்க்கவில்லை.

பத்திரத்தில் உள்ள ஆண்டுகளைப் பார்த்தால் ஒரு சந்தேகம் வரலாம். 2011 ஜனவரியில் தரம் 1இல் சேர்ந்தவள் 2023 முடிவில் தரம் 13ஐ முடித்திருக்க வேண்டும். ஆனால் நான் விலகிய திகதி 31 டிசம்பர் 2024 என்று இருக்கிறது. நான் எந்த வகுப்பிலும் மறுபடி இருக்கவில்லை, இடையில் படிப்பை நிறுத்தவும் இல்லை. கொரோனாவால் பரீட்சைகள் பின்தள்ளப்பட்டன. எங்களுடைய 2021ஆம் ஆண்டுச் சாதாரண தரப் பரீட்சை 2022 மே மாதத்தில்தான் நடந்தது. உயர்தர வகுப்பு அதற்குப் பிறகே தொடங்கியது. 2024 உயர்தரப் பரீட்சை நவம்பர் 25இல் ஆரம்பமாகி, மழை வெள்ளத்தால் சில நாட்கள் நிறுத்தப்பட்டு, டிசம்பர் கடைசி வரை நீண்டது. பெறுபேறு 2025 ஏப்ரலில் வந்தது. அதிபர் மே மாதத்தில் பத்திரத்தை வழங்கினார். பரீட்சை ஆண்டும் பத்திரத்தின் திகதியும் வேறுபடுவது இதனால்தான். இலங்கையில் என் வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் இதே கதைதான்.

பத்திரத்தைக் கையால் நிரப்பியிருக்கிறார்கள். அதிபரின் முத்திரை அவர் கையொப்பத்தின் மேல் விழுந்திருப்பதால் கீழ்வரி தெளிவாக இல்லை. மொழிபெயர்ப்பாளர் தெரியாத எழுத்துகளை ஊகித்து எழுதாமல் ‘தெளிவில்லை’ என்றே குறித்திருக்கிறார். அதை அப்படியே விட்டுவிடச் சொன்னேன். பாடசாலைப் பெயருக்கு முன்னால் உள்ள ‘மு/’ முல்லைத்தீவு மாவட்டத்தைக் குறிக்கும், பெயரின் பகுதி அல்ல.

என் பெயரில் முதலில் வரும் சிவராசா என் தந்தையின் பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. கடவுச்சீட்டிலும் இதே வரிசைதான். எனவே ‘குடும்பப் பெயர்’ கட்டத்தில் தந்தை பெயரையே இட்டிருக்கிறேன்.

உயர்தரத்தில் தமிழுக்கும் இந்து நாகரிகத்துக்கும் ஏ, புவியியலுக்கு பி கிடைத்தன. இலங்கையில் 75உம் அதற்கு மேலும் ஏ, 65 முதல் 74 வரை பி. உங்கள் அளவுகோலுடன் ஒப்பிட இது உதவும்.

யாழ்ப்பாணத்தவரான தனிநாயகம் அடிகள் தலைமை வகித்த துறையில் படிக்க வேண்டும் என்பது என் நீண்டநாள் ஆசை. மூலப் பத்திரத்தை நேரில் பார்க்க வேண்டுமென்றால் பதிவுத் தபாலில் அனுப்பத் தயாராக இருக்கிறேன். பாடசாலையிடம் நேரடியாக விசாரிப்பதற்கும் அதிபர் சம்மதித்திருக்கிறார்.

இப்படிக்கு,
சிவராசா கவிதா
விண்ணப்பதாரர்

இணைப்பு: விடுகைப் பத்திரத்தின் உறுதிப்படுத்திய பிரதி, ஆங்கில மொழிபெயர்ப்பு, உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழ், கடவுச்சீட்டின் விவரப் பக்கம்.