தம்பிக்கு: விசில் அடிக்காத குக்கரைப் பார்க்கும் விதம்

தம்பி,

அரை மணி நேரம் அடுப்பின் முன் நின்றும் ஒரு விசில்கூட வரவில்லை, மூடி ஓரத்தில் தண்ணீர் வழிந்தது என்று நேற்று இரவு சொன்னாய். போனில் சொன்னால் பாதி மறந்துவிடும், அதனால் எழுதுகிறேன். நாளைக் காலை அரிசி போடுவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடு.

குக்கருக்குள் இருக்கும் ஆவி வெயிட் வைக்கும் குழாய் வழியாக மட்டுமே வெளியேற வேண்டும். வேறு சந்து கிடைத்தால் உள்ளே அழுத்தம் சேராது, வெயிட்டும் எழும்பாது. ஆகவே முதலில் ஆவி எங்கே போகிறது என்று கண்டுபிடி. இரண்டு டம்ளர் தண்ணீர் மட்டும் ஊற்றி, மூடியைப் பூட்டி, வெயிட் போடாமல் பெரிய தீயில் வை. தண்ணீர் கொதித்ததும் குழாயிலிருந்து ஆவி நேராக, விடாமல் வர வேண்டும். அப்போதுதான் வெயிட்டைப் போட வேண்டும். நீ அரிசி வைத்த கையோடு வெயிட்டையும் போட்டுவிடுகிறாய் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தால் குழாய் அடைத்திருப்பது தெரியாமலே போய்விடும்.

குழாயில் ஒன்றும் வராமல் ஓரத்தில் கசிந்தால், கேஸ்கெட்டைப் பார். அம்மா கொடுத்த அந்த மூன்று லிட்டர் குக்கரில் எனக்கு முதல் சந்தேகம் அதன்மேல்தான். ஆறிய பிறகு மூடியிலிருந்து ரப்பரைக் கழற்றி, இரண்டு விரலால் மடக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார். நல்ல ரப்பர் வளைந்து, விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். பழையது விறைத்திருக்கும், மடக்கிய இடத்தில் மயிரிழைபோல வெடிப்புகள் தெரியும். சில சமயம் விறைக்காமல் தொளதொளவென்று நீண்டு, மூடியின் வரிப்பள்ளத்தில் உட்காராமல் நழுவும். இரண்டில் எதுவானாலும் புதிதுதான் வாங்க வேண்டும். ரப்பர் நன்றாக இருந்தால் பள்ளத்தைத் தடவிப் பார். காய்ந்த ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலே அந்த இடத்தில் ஆவி சீறும்.

குளிர்ந்த தண்ணீரில் சிறிது நேரம் போட்டு எடுத்தால் தளர்ந்த ரப்பர் ஒரு வேளைக்குத் தாக்குப்பிடிக்கலாம். அதை நம்பி நாளைக் கடத்தாதே. மூடி ஓரத்தில் கோதுமை மாவைப் பிசைந்து அப்புவதும், நூலைச் சுற்றுவதும் நம் வீடுகளில் நடப்பவைதான், ஆனால் நீ செய்ய வேண்டாம். கடைக்குப் போகும்போது பழைய ரப்பரை மட்டுமல்ல, மூடியையும் எடுத்துப் போ. ஒரே லிட்டராக இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும்.

ரப்பர் மாற்றியும் எப்போதும் ஒரே இடத்தில் கசிந்தால், பாத்திரத்தின் விளிம்பு நெளிந்திருக்கும். சாதம் எடுத்த கரண்டியை விளிம்பில் தட்டாதே என்று அம்மா ஓயாமல் சொன்னது இதற்காகத்தான். அதைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடு. கைப்பிடி ஆடினாலும் மூடி சரியாக இறுகாது. திருகாணியை முறுக்கினால் போதும்.

ஓரத்திலும் ஆவி இல்லை, குழாயிலும் இல்லை என்றால் உடனே அடுப்பை அணை. குழாய் அடைத்திருக்கலாம். நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து, குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடி. வட்டமாக வெளிச்சம் தெரியாவிட்டால் மெல்லிய கம்பியை உள்பக்கத்திலிருந்து விட்டு, தண்ணீர்க் குழாயடியில் பிடித்து அதற்குள் தண்ணீரைப் பாய்ச்சு. பருப்பு நுரைதான் பெரும்பாலும் இப்படி அடைக்கும். வெயிட்டின் அடியிலும் ஒட்டியிருக்கும், அதையும் கழுவு. இனிமேல் பருப்பு வைத்தால் பாதிக்கு மேல் நிரப்பாதே, ஒரு சொட்டு நல்லெண்ணெய் விடு. மற்றவற்றுக்கு மூன்றில் இரண்டு பங்குதான் எல்லை.

தண்ணீரைப் பற்றி ஒன்று. நீ சாதத்தை உள்பாத்திரத்தில் வைக்கிறாய். அதற்கு வெளியே, அடியில், குறைந்தது ஒரு டம்ளர் தண்ணீர் இருக்க வேண்டும். பாத்திரத்துக்குள் ஊற்றும் தண்ணீர் அரிசிக்குத்தான், இந்தக் கணக்கில் சேராது. அலுமினியம் கறுக்காமலிருக்க அந்த அடித்தண்ணீரில் சிறு புளித்துண்டைப் போடலாம். நேற்றுபோல நெடுநேரம் கசியவிட்டால் அடித்தண்ணீர் வற்றிவிடும். பிறகு விசிலுக்கு ஆவியே இருக்காது, வெறும் சூட்டில் மூடியிலிருக்கும் சேஃப்டி வால்வு உருகிப் போகும். அந்த வால்விலிருந்து ஆவி வந்தால் அதே கம்பெனி வால்வை வாங்கிப் போடு. பசையோ ஈயமோ வைத்து ஒருபோதும் அடைக்காதே. உயிர்காக்கும் பாகம் அது.

எதைச் சோதித்தாலும், அழுத்தம் இருக்கும்போது மூடியை நெம்பாதே. கரண்டிக் காம்பால் வெயிட்டை லேசாகத் தூக்கிப் பார். சீற்றம் கேட்டால் இன்னும் பொறு.

புது ரப்பர் போட்டதும் வெறும் தண்ணீரில் இரண்டு விசில் வருகிறதா என்று பார்த்துவிட்டு அரிசியைப் போடு. வந்ததா இல்லையா என்று எனக்கும் சொல்.

அக்கா