முழு இழப்பான தங்கள் காரை எங்கள் பெயருக்கு மாற்றுவது தொடர்பாக

மோட்டார் இழப்பீட்டுப் பிரிவு
வேலூர் கிளை

12.02.2025

பெறுநர்:
திரு. கு. ஏழுமலை அவர்கள்,
காந்தி நகர், காட்பாடி, வேலூர் மாவட்டம்.

பொருள்: 19.01.2025 அன்று பள்ளிகொண்டா அருகே விபத்துக்குள்ளான தங்கள் 2019 மாடல் பெட்ரோல் கார் (1197 சிசி) – முழு இழப்பு – ஆர்.சி. பெயர் மாற்றமும் அதற்கான ஆவணங்களும்.

ஐயா,

வணக்கம். தங்கள் காரைப் பழுதுபார்க்க 3,58,000 ரூபாய் ஆகும் என்று சர்வேயர் மதிப்பிட்டிருக்கிறார். பாலிசியில் காரின் மதிப்பு, அதாவது ஐ.டி.வி., 4,20,000 ரூபாய். செலவு இதில் 75 சதவீதத்தை, அதாவது 3,15,000 ரூபாயைத் தாண்டிவிட்டால் வண்டியைப் பழுதுபார்க்காமல் முழு இழப்பாகக் கணக்கிட வேண்டும் என்பது பாலிசி விதி. கட்டாயக் கழிவான 1,000 ரூபாய் போகத் தங்களுக்குச் சேர வேண்டிய தொகை 4,19,000 ரூபாய். முழு இழப்பில் உதிரிபாகத் தேய்மானம் என்று தனியாக எதுவும் கழிக்கப்படாது.

சிதைந்த வண்டியைத் தாங்களே வைத்துக்கொண்டால், ஏலத்தில் அதற்குக் கிடைத்த 1,35,000 ரூபாயைக் கழித்து 2,84,000 ரூபாய் தந்திருப்போம். வண்டியை எங்களிடமே ஒப்படைப்பதாகத் தாங்கள் எழுதிக் கொடுத்திருப்பதால், காரும் அதன் ஆர்.சி.யும் எங்கள் நிறுவனத்தின் பெயருக்கு வர வேண்டும்.

பணம் கைக்கு வந்ததும் பலர் இந்தப் பெயர் மாற்றத்தை மறந்துவிடுகிறார்கள். தாங்கள் மறக்கக் கூடாது. உருக்குலைந்த காரை வாங்குகிறவர்கள் எல்லோரும் உதிரிபாகத்துக்காக வாங்குவதில்லை. அதே மாடலில் திருட்டுக் கார் ஒன்றைப் பிடித்து, சிதைந்த காரின் சேசிஸ் எண்ணை அதில் அடித்து, உயிரோடிருக்கும் ஆர்.சி.யைக் காட்டி ஓட்டுகிறவர்களும் உண்டு. அந்தக் கார் யார் மீதாவது மோதினால் போலீஸ் தேடி வருவது ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் வீட்டுக்குத்தான். வண்டி கைமாறியிருந்தாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. எங்கள் பெயருக்கு மாறிவிட்டது என்று ஆர்.டி.ஓ. பதிவேடு காட்டும் வரை காரியம் முடிந்ததாக எண்ண வேண்டாம்.

தாங்கள் வாங்க வேண்டியதில் முதலாவது, வங்கிப் பத்திரம். ஆர்.சி.யில் தங்கள் கார்க் கடனுக்கான அடமானப் பதிவு இன்னும் இருக்கிறது. அது நீங்காமல் பெயர் மாறாது. கடன் நிலுவையைக் காட்டும் முன்கூட்டி முடிப்புக் கடிதத்தை வங்கியில் கேட்டு வாங்குங்கள். தாங்கள் அனுப்பியுள்ள கணக்கின்படி 28.02.2025 வரை அந்தத் தொகை 1,12,400 ரூபாய். இதை நேராக வங்கிக்குச் செலுத்திவிட்டு, மீதி 3,06,600 ரூபாயை அதே நாளில் தங்கள் கணக்குக்கு அனுப்புவோம். அந்தத் தேதி தாண்டினால் நாள் வட்டி ஏறிக் கணக்கு மாறும், கடிதத்தையும் புதிதாக வாங்க வேண்டிவரும். கடன் முடிந்த தகவல் வரும் வரை மாதத் தவணையை நிறுத்த வேண்டாம். "கார்தான் போய்விட்டதே" என்று தவணையை விட்டுவிட்டு, காசோலை திரும்பிய அபராதமும் கடன் மதிப்பெண் சரிவும் சேர்த்துச் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். கூடுதலாகக் கட்டியதை வங்கி திருப்பித் தந்துவிடும்.

கடன் அடைந்ததும் வங்கி தடையின்மைச் சான்றும், படிவம் 35இல் கையெழுத்தும் முத்திரையும் தரும். இந்தப் படிவம் இரண்டு பிரதி. இரண்டிலும் தங்கள் கையெழுத்தும் வேண்டும். சான்றுக்குப் பெரும்பாலும் மூன்று மாதமே ஆயுள் என்பதால் வாங்கிய வாரத்திலேயே எங்களிடம் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது பெயர் மாற்றப் படிவங்கள். படிவம் 29 என்பது வாகனத்தை மாற்றிக் கொடுத்ததற்கான அறிவிப்பு, இரண்டு பிரதி. படிவம் 30 பெயர் மாற்ற விண்ணப்பம். அடமானம் பதிவிலிருப்பதால் இதுவும் இரண்டு பிரதி. இரண்டையும் நாங்கள் தட்டச்சு செய்து, பெறுபவர் இடத்தில் எங்கள் நிறுவனத்தின் பெயரையும் வேலூர் கிளை முகவரியையும் நிரப்பி, 20.02.2025 வியாழன் காலை 11 மணிக்குத் தங்கள் முன்னால் வைப்போம். படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். நிரப்பாத படிவத்தில் கையெழுத்திட வேண்டாம். எங்கள் ஆள், ஒர்க்‌ஷாப் ஆள், ஏலத்தில் எடுத்தவர், யார் கேட்டாலும் வேண்டாம். பெறுபவர் இடமும் தேதியும் காலியாக உள்ள படிவம் 29 கைக்குக் கைமாறிப் போனால், கார் யாரிடம் இருக்கிறது என்று தங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

படிவம் 28ம் வேண்டும் என்று யாராவது சொல்லியிருக்கலாம். அது வேறு ஆர்.டி.ஓ. எல்லைக்கு வண்டியை மாற்றுவதற்கான தடையின்மை விண்ணப்பம். தங்கள் கார் டி.என். 23, எங்கள் கிளையும் வேலூர் எல்லைக்குள்தான் இருக்கிறது. எனவே இந்த மாற்றத்துக்கு அது தேவைப்படாது. பிறகு வேறு ஊருக்குப் போனால் உரிமையாளர் என்ற முறையில் அதில் நாங்கள் கையெழுத்திட்டுக் கொள்வோம்.

அன்று கொண்டுவர வேண்டியவை:

– அசல் ஆர்.சி. அட்டை, பாலிசி, புகைச்சான்று
– ஆதார், பான் (அசலும் சுய கையொப்பமிட்ட நகலும்)
– தங்கள் பெயர் அச்சான ரத்து செய்யப்பட்ட காசோலை
– பாஸ்போர்ட் அளவு புகைப்படம் 4
– எஃப்.ஐ.ஆர். நகல், மோட்டார் வாகன ஆய்வாளரின் ஆய்வறிக்கை
– கார் சாவி இரண்டும்

இழப்பீட்டு ஏற்புச் சீட்டு, உரிமை ஒப்படைப்புக் கடிதம், ஈட்டுறுதிப் பத்திரம் ஆகியவற்றை நாங்களே தயாரித்து வைக்கிறோம். முத்திரைத் தாள், நோட்டரி செலவு எங்களுடையது. விபத்துக்குக் காரணமான லாரிக்காரரிடமிருந்தோ அவருடைய காப்பீட்டிலிருந்தோ இழப்பை வசூலிக்கும் உரிமையைத் தாங்கள் எங்களுக்குத் தருவதுதான் ஒப்படைப்புக் கடிதம். அதில் கையெழுத்திட்ட பிறகு, கார் சேதத்துக்காக லாரிக்காரருடன் தனியாகச் சமரசம் பேசி எதையும் எழுதிக் கொடுக்கக் கூடாது.

பெயரில் ஒரு சிக்கல் இருக்கிறது. இதை நேரிலும் சொல்வோம். ஆர்.சி.யில் K ELUMALAI என்றும் ஆதாரில் EZHUMALAI K என்றும் இருக்கிறது. தமிழில் ஒரே பெயர்தான். ஆனால் கணினியில் இரண்டும் பொருந்தாது. ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்றம் திரும்பி வருவதற்கு வழக்கமான காரணம் இது. "இருவரும் ஒருவரே" என்ற நோட்டரி உறுதிமொழிப் பத்திரத்தை அன்றே எழுதிவிடுவோம். காசோலையில் எந்த எழுத்துக்கூட்டல் இருக்கிறது என்பதை மட்டும் வீட்டிலேயே பார்த்துவிட்டு வாருங்கள். கையெழுத்தும் கார் வாங்கியபோது போட்ட மாதிரியே இருக்கட்டும். அன்று தமிழில் போட்டிருந்தால் இன்றும் தமிழில்தான் போட வேண்டும்.

பரிவாகன் தளத்தில் விண்ணப்பம் ஏற்றும்போது ஒரு முறைக் கடவு எண் தங்கள் மொபைலுக்கு வரும். ஆர்.சி.யில் பதிவான எண் தங்களிடம் இப்போது இல்லையென்றால் parivahan.gov.in தளத்தில் முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள். அந்தக் கடவு எண்ணை எங்கள் கவுண்டரில் நேரில் மட்டும் சொல்லுங்கள். போனில் கேட்பவருக்கு வேண்டாம். காரின் பேரில் அபராதச் சலான் நிலுவையில் இருக்கிறதா என்றும் பார்த்துக் கட்டிவிடுங்கள். நிலுவை இருந்தால் பெயர் மாற்றம் நின்றுவிடக்கூடும்.

ஆர்.சி. அட்டை விபத்தில் தொலைந்திருந்தால் பதற வேண்டாம். தமிழ்நாடு காவல்துறைத் தளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை எடுத்து, படிவம் 26 மூலம் நகல் ஆர்.சி. வாங்க வேண்டும். அதன் பிறகே பெயர் மாற்றம் என்பதால் நாள் கூடும். இன்றே டேஷ்போர்டுப் பெட்டியில் தேடிப் பார்த்துச் சொல்லுங்கள்.

கார் இப்போது சத்துவாச்சாரி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. சொந்தப் பொருள்களை எடுத்துவிடுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, பேட்டரி, மியூசிக் சிஸ்டம் ஆகியவை ஏலப் பட்டியலில் சேர்ந்தவை. அவை குறைந்தால் ஏலம் எடுத்தவர் விலையைக் குறைப்பார், அந்த வித்தியாசம் தங்கள் தொகையில்தான் கழியும். ஃபாஸ்டேக் ஒட்டியைக் கிழித்து எடுத்து, வழங்கிய வங்கியில் கணக்கை முடித்து, இருப்பைத் திரும்பக் கேளுங்கள். இல்லையென்றால் அதே ஒட்டியை வைத்து வேறொரு வண்டி பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைக் கடக்கும்போது பணம் தங்கள் கணக்கிலிருந்து போகும்.

20ஆம் தேதி காரை எங்களிடம் ஒப்படைத்ததற்கான சீட்டில் கையெழுத்தாகும் வரையிலான நிறுத்தக் கட்டணமும் எஸ்டிமேட் கட்டணமும் தங்களுடையவை. அதன் பிறகு எங்களுடையவை. அந்தச் சீட்டில் தேதியோடு மணி, நிமிடம், ஓடிய கிலோமீட்டர் எல்லாம் இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பிறகு அந்தக் காரால் எது நடந்தாலும் அதற்கான சாட்சி இந்தச் சீட்டுதான். சேசிஸ் எண்ணின் பென்சில் அச்சை வண்டியைத் தூக்கும் முன் எங்கள் சர்வேயர் எடுப்பார். அதுவரை முன்பகுதியில் யாரும் கட்டிங் வைக்காமல் ஒர்க்‌ஷாப்பில் சொல்லி வையுங்கள்.

காரை மாற்றிக் கொடுத்தவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு. அந்தக் கடமை சட்டப்படி தங்களுடையது. எனவே நாங்கள் விண்ணப்பித்தாலும், படிவம் 29இன் ஒரு நகலைத் தாங்களும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் வேலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இழப்பீட்டோடு பாலிசியின் சொந்தச் சேதப் பகுதி முடிகிறது. மீதி மாதங்களுக்குப் பிரீமியம் திரும்ப வராது. அடுத்த காருக்கு நோ கிளைம் போனஸும் கிடைக்காது. ஆனால் பாலிசி நகலைத் தூக்கிப் போட வேண்டாம். இந்த விபத்து தொடர்பாக வேலூர் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்திலிருந்து தங்களுக்கு அழைப்பாணை வந்தால், அதை அன்றே எங்களிடம் கொடுத்துவிடுங்கள். விபத்து நடந்த நாளில் பாலிசி நடப்பில் இருந்ததால் அதை நாங்கள் எதிர்கொள்வோம்.

ஏப்ரல் 5க்குள் பரிவாகன் தளத்தில் உரிமையாளர் பெயர் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்றால் கிளைக்கு எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். மாறிய பின் புதிய ஆர்.சி.யின் நகலைத் தங்களுக்கு அனுப்புவோம்.

இப்படிக்கு,
மூத்த அலுவலர்,
மோட்டார் இழப்பீட்டுப் பிரிவு, வேலூர் கிளை.

இணைப்பு: படிவம் 35 (2 பிரதி), ஒர்க்‌ஷாப்புக்கான அறிவிப்புக் கடிதம்.