டிங்கி சுவரொட்டி: மண்டபச் சுவருக்குத் திருத்திய வாசகம்

அச்சகத்துக்கு: ஏ3 தாள், நெடுவாக்கில். பழையதில் ‘7’ மூன்று இடத்தில் மூன்று பொருளில் வந்தது, ஆதாரங்கள் எல்லாம் அடியில் ஒரே மூட்டையாகக் கிடந்தன. எந்த எண்ணுக்கு எது என்று தெரியவில்லை. இனி ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்திலேயே அலகு, கீழே பொருள், அதற்கும் கீழே ஆதாரம். எல்லாம் இடது ஓரம் ஒரே கோட்டில்.

காய்ச்சல் இறங்கினாலும் கண் வைத்திருங்கள்

24–48 மணி நேரம்
காய்ச்சல் இறங்கும்போது தொடங்கும் ஆபத்துக் காலம். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், எழ முடியாத சோர்வு: இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும்.
ஆதாரம்: உலகச் சுகாதார நிறுவனம், டிங்கி வழிகாட்டி, 2009

4–10 நாள்
கொசு கடித்ததற்கும் காய்ச்சல் தொடங்குவதற்கும் இடையே.
ஆதாரம்: மேலதே

7–10 நாள்
முட்டை கொசுவாகப் பறக்க ஆகும் காலம். அதனால்தான் வாரம் ஒரு முறை தேடச் சொல்கிறோம். லயத்துப் பின்புறத் தண்ணீர்ப் பீப்பாய், பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், பால் வெட்டாத மரத்தில் மாட்டியே விட்ட ரப்பர்ப்பால் கோப்பை. கோப்பைகளைக் கவிழ்த்து வையுங்கள்.
ஆதாரம்: அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்

8 மாதம் வரை
காய்ந்த பாத்திரத்தின் சுவரில் முட்டை உயிரோடு ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.
ஆதாரம்: அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்

சட்டம் 154
வீட்டு வளாகத்தில் கொசுப்புழு வளர விடுவது குற்றம்.
ஆதாரம்: மலேசியாவின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம், 1975

சட்டம் பழையதில் தலைப்புக்கு அடுத்தே இருந்தது. அதை அடிக்கு இறக்கியிருக்கிறோம். வீட்டில் பிள்ளை காய்ச்சலில் படுத்திருக்க, இந்தச் சுவர் முன் வந்து நிற்கும் தாய்க்கு முதலில் தெரிய வேண்டியது அந்த 24–48 மணி நேரம்தான்.

எழுத்தளவு: எண் 60, தலைப்பு 40, விளக்கம் 18, ஆதாரம் 12 புள்ளி. விளக்கத்துக்கு வரி இடைவெளி 1.4 மடங்கு. அதற்குக் குறைந்தால் மேல் வரியின் ‘ழு’, ‘கூ’ சுழியும் கீழ் வரியின் ‘கீ’, ‘டி’ கொக்கியும் முட்டிக்கொள்ளும், தூரத்திலிருந்து கறையாகத் தெரியும். ‘24–48’ இரண்டு வரியாக உடையக்கூடாது. கட்டங்களுக்கு நடுவில் 10 மில்லிமீட்டர் வெற்றிடம் விடவும். கோடு வேண்டாம்.

இடம் பற்றாவிட்டால் எழுத்தைச் சுருக்க வேண்டாம், ‘4–10 நாள்’ கட்டத்தையே எடுத்துவிடுங்கள். எடுத்தால் அதன் ‘மேலதே’ அடுத்த கட்டத்தில் தவறி ஒட்டிக்கொள்ளவில்லையே என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளவும்.