உயிர்க்கரி – தக்காளி நாற்று ஆய்வுக் கட்டுரை: மதிப்பாய்வு அறிக்கை

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். கட்டுரையின் ஓரங்களிலும் கடைசித் தாளின் பின்புறத்திலும் தாங்கள் எழுதிய குறிப்புகளை அறிக்கையாக்கிக் கீழே தந்திருக்கிறேன். குறிப்புகள் பக்க வரிசையில் இருந்தன. நான் அவற்றைக் கனத்தின் வரிசையில் மாற்றி அடுக்கியிருக்கிறேன். அட்டவணை 2-இன் அருகே "66 எப்படி வந்தது? தட்டு 12தானே!" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தீர்கள். அதுவே முதல் கருத்தாக நிற்கிறது. கட்டுரையின் மற்ற முடிவுகள் எல்லாம் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையைச் சார்ந்தே நிற்கும்.

மூன்று இடங்களில் தங்கள் ஒப்புதல் வேண்டும். வரி 118-இல் "எடையா, கன அளவா?" என்ற குறிப்பை எழுத்துப் பிழைகளோடு சேர்த்திருந்தீர்கள். அதை முக்கியக் கருத்துகளுக்கு நகர்த்திவிட்டேன். முடிவுரையின் அருகே இருந்த "இது ஆய்வல்ல, விளம்பரம்" என்பதை அப்படியே அனுப்பினால் ஆசிரியர்கள் கோபத்தில் கருத்தையே தவறவிடுவார்கள். ஆகவே எந்த வாக்கியம் எந்தத் தரவைத் தாண்டுகிறது என்று சுட்டி எழுதியிருக்கிறேன். "வேர்ப் படம் வேறெங்கோ பார்த்த மாதிரி இருக்கிறது" என்ற குறிப்பை அறிக்கையில் சேர்க்கவில்லை. எங்கே பார்த்தோம் என்று காட்ட முடியாதவரை அது ஐயம் மட்டுமே. உறுதிசெய்ய முடிந்தால் இதழாசிரியருக்கு மட்டுமான பகுதியில் எழுதலாம்.

நான் உடன் மதிப்பாய்வு செய்வதற்கு இதழாசிரியர் அனுமதி தந்திருப்பதால், அந்தப் பகுதியில் என் பெயரையும் குறிப்பிட வேண்டுகிறேன். பரிந்துரை எதுவாக இருந்தாலும் அங்கேயே போகட்டும். ஆசிரியர்கள் படிக்கும் அறிக்கையில் அதைச் சேர்க்கவில்லை.

தங்கள் மாணவி

ஆசிரியர்களுக்கான அறிக்கை

சுருக்கம்

மண்ணில் உயிர்க்கரி கலந்தால் தக்காளி நாற்றுகள் நீர்ப் பற்றாக்குறையைத் தாங்குமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. உயிர்க்கரி இல்லாத மண், 2 சதவீதம் கலந்த மண், 5 சதவீதம் கலந்த மண் ஆகிய மூன்றும், முழு நீர், பாதி நீர் ஆகிய இரண்டு பாசன அளவுகளோடு இணைக்கப்பட்டுள்ளன. இவ்வாறு அமைந்த 6 சேர்க்கைகளில் ஒவ்வொன்றுக்கும் 2 தட்டுகள், தட்டுக்கு 6 தொட்டிகள், தொட்டிக்கு ஒரு நாற்று என மொத்தம் 72 நாற்றுகள் 45 நாள் வளர்க்கப்பட்டன. பாதி நீரில் 5 சதவீத உயிர்க்கரி பெற்ற நாற்றுகளின் உலர் எடையும் வேர் நீளமும் கூடின என்றும், உயிர்க்கரி செடியின் வறட்சி தாங்கும் இயல்பைத் தூண்டுகிறது என்றும் ஆசிரியர்கள் முடிவு கூறுகிறார்கள்.

கேள்வி பயனுள்ளது. வேர்களை மண்ணிலிருந்து பிரித்துக் கழுவிய முறை, அதைப் படித்து இன்னொருவர் அப்படியே செய்யக்கூடிய அளவுக்குத் தெளிவாக எழுதப்பட்டுள்ளது. நுண்வேர்கள் அறுந்துபோகும் அளவைத் தனியாக மதிப்பிட்டிருப்பது இவ்வகைக் கட்டுரைகளில் அரிதாகவே காணப்படும் கவனம். மூலத் தரவை முழுவதுமாக இணைத்ததற்கும் நன்றி. கீழே உள்ள முதல் கருத்தை எண்ணோடு எழுத முடிந்தது அதனால்தான். ஆனால் பரிசோதனையின் அமைப்பும் அதற்குச் செய்யப்பட்ட பகுப்பாய்வும் பொருந்தவில்லை. வறட்சி தாங்கும் இயல்பு பற்றிய முடிவுக்கு இப்போதுள்ள தரவு போதாது.

முக்கியக் கருத்துகள்

1. பரிசோதனையின் அலகு எது? செய்முறைப் பகுதியின்படி (வரிகள் 109 முதல் 126 வரை) ஒவ்வொரு சேர்க்கைக்குமான மண் மொத்தமாகக் கலக்கப்பட்டுத் தொட்டிகளில் நிரப்பப்பட்டது. ஒரு தட்டின் 6 தொட்டிகளுக்கும் ஒரே குழாயிலிருந்து சொட்டு நீர் சென்றது. 45 நாளும் தட்டுகள் இடம் மாறவில்லை. ஆகவே நீரளவு தட்டுக்குத்தான் தரப்பட்டது. ஒரே தட்டில் உள்ள 6 நாற்றுகளும் ஒளி, காற்று, குழாயின் அடைப்பு என எல்லாவற்றையும் பகிர்ந்துகொண்டவை.

ஆனால் அட்டவணை 2-இல் எச்சத்துக்கான கட்டின்மை எண் 66 என்றிருக்கிறது. அது 72-லிருந்து 6-ஐக் கழித்து வந்தது; அதாவது ஒவ்வொரு நாற்றும் தனித்த மறுபதிவாக எண்ணப்பட்டிருக்கிறது. தட்டை அலகாகக் கொண்டால் 12-லிருந்து 6 போக மீதி 6 மட்டுமே. ஹர்ல்பர்ட் 1984-இல் போலி மறுபதிவு என்று பெயரிட்டு விளக்கிய சிக்கல் இதுதான். இதனால் பிழையின் அளவு உண்மையில் உள்ளதைவிடச் சிறிதாகத் தோன்றக்கூடும். இல்லாத வேறுபாடுகூட இருப்பதாகக் காட்டக்கூடும்.

இணைக்கப்பட்ட தரவில் பாதி நீர், 5 சதவீதம் என்ற சேர்க்கையின் இரண்டு தட்டுகளையும் தனித்தனியாகப் பார்த்தோம். உலர் எடை கூடியது பெரும்பாலும் ஒரே தட்டில்தான். மற்றத் தட்டின் சராசரி, உயிர்க்கரி இல்லாத தட்டுகளின் சராசரியிலிருந்து அதிகம் விலகவில்லை. அந்த ஒரு தட்டு நன்றாக வளர்ந்ததற்கு உயிர்க்கரி காரணமாக இருக்கலாம், சாளரத்தின் அருகே இருந்ததும் காரணமாக இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய இந்த அமைப்பில் வழியில்லை.

தட்டைச் சமவாய்ப்பு விளைவாகச் சேர்த்த கலப்பு மாதிரியிலோ, தட்டின் சராசரிகளைக் கொண்டோ பகுப்பாய்வை மீண்டும் செய்ய வேண்டும். முடிவு எதுவானாலும் அதை அப்படியே தெரிவிக்க வேண்டும். சேர்க்கைக்கு 2 தட்டுகள் என்பது மிகக் குறைவு என்பதால் புதிய பகுப்பாய்வில் வேறுபாடுகள் மறைந்துபோக வாய்ப்புண்டு. அவ்வாறானால் தொட்டி வாரியாக நீர் ஊற்றி, தொட்டிகளின் இடத்தைச் சமவாய்ப்பில் மாற்றி, பரிசோதனையை மீண்டும் நடத்துவதே சரியான வழி என்று கருதுகிறோம்.

2. செடி வறட்சியைத் தாங்கியதா, அல்லது அதற்கு வறட்சியே நேரவில்லையா? எல்லா மண்ணுக்கும் ஒரே அளவு நீர் ஊற்றப்பட்டது: முழு நீர் என்றால் தொட்டிக்கு நாளொன்றுக்கு 150 மில்லிலிட்டர், பாதி என்றால் 75. உயிர்க்கரியின் நுண்துளைகள் நீரைப் பிடித்துவைக்கக் கூடியவை. அதனால் 75 மில்லிலிட்டர் பெற்ற இரு தொட்டிகளில், கரி கலந்த தொட்டியின் செடிக்குக் கிடைத்த நீர் அதிகமாக இருந்திருக்கலாம். அப்படியென்றால் மாறியது மண். செடியின் இயல்பு மாறியதற்குச் சான்று இல்லை. உழவருக்கு இரண்டும் நன்மைதான் என்றாலும் "இயல்பைத் தூண்டுகிறது" (வரி 301) என்ற கூற்று முதலாவதை விட்டு இரண்டாவதைச் சொல்கிறது. மண் ஈரம், தொட்டி எடை, இலைத்துளைக் கடத்துதிறன் ஆகியவற்றில் எதுவுமே அளக்கப்படவில்லை. ஒரு பகுதித் தொட்டிகளையாவது அன்றாடம் எடைபோட்டு, வயல் கொள்திறனின் ஒரே சதவீதத்தில் நிறுத்தி வளர்த்துப் பார்த்தால் இவ்விரண்டையும் பிரிக்கலாம். அது இயலாவிட்டால் கூற்றை மண்ணின் நீர்ப்பிடிப்பு என்ற அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

3. எடையா, கன அளவா? உயிர்க்கரி 5 சதவீதம் "எடை அடிப்படையில்" என்று வரி 118 கூறுகிறது. அட்டவணை 1-இன் தலைப்பு "கன அளவு" என்கிறது. கரி மண்ணைவிட மிக லேசானது என்பதால் எடையில் 5 சதவீதம் என்பது கன அளவில் அதைப் போல் சில மடங்கு இருக்கும். எது சரி என்று தெரியாமல் இப்பரிசோதனையை யாரும் திரும்பச் செய்ய முடியாது, பிற ஆய்வுகளோடு ஒப்பிடவும் முடியாது.

4. சாம்பலின் பங்கு. தொடக்க மண்ணின் கார அமில நிலை 5.6 என்று தரப்பட்டுள்ளது. கலந்த பிறகான அளவு இல்லை. 550 டிகிரி செல்சியஸில் மரத்திலிருந்து செய்த கரி பொதுவாகக் காரத்தன்மை உடையது, சாம்பல் சத்தும் கொண்டது. அமில மண்ணின் புளிப்பு குறைந்ததும் சாம்பல் சத்து கூடியதும் மட்டுமே வளர்ச்சியை விளக்கிவிடலாம். எல்லாக் கலவைகளின் கார அமில நிலையையும் சத்து அளவுகளையும் தர வேண்டும். மீண்டும் பரிசோதனை நடந்தால், அதே கார அமில நிலைக்குச் சுண்ணாம்பு இட்ட, கரியில்லாத ஒரு மண்ணையும் சேர்க்கப் பரிந்துரைக்கிறோம்.

5. "வறட்சியில் மட்டுமே பயன்" என்ற முடிவு. பாதி நீரில் p = 0.03, முழு நீரில் p = 0.08 என்பதால் உயிர்க்கரி வறட்சியில் மட்டுமே உதவுகிறது என்று வரி 262 சொல்கிறது. ஒன்று 0.05-க்குக் கீழும் மற்றொன்று மேலும் இருப்பது, இரு விளைவுகளும் வேறுபட்டவை என்பதற்குச் சான்றாகாது. உயிர்க்கரிக்கும் நீருக்கும் இடையிலான இடைவினையை நேரடியாகச் சோதித்து, விளைவின் அளவையும் நம்பக இடைவெளியையும் தர வேண்டும். மேலும் 14 பண்புகள் அளக்கப்பட்டும் சுருக்கத்தில் 3 மட்டுமே பேசப்படுகின்றன. மற்றவற்றின் முடிவும் வாசகர் கண்ணில் பட வேண்டும்.

6. தலைப்பில் உள்ள "விளைச்சல்". நாற்றுகள் காய் பிடிக்கும் முன்பே, 45-ஆம் நாளில் பிடுங்கப்பட்டன. அளக்கப்பட்டது நாற்றின் வளர்ச்சி. தலைப்பும், உழவர்களுக்கு உடனே பரிந்துரைக்கலாம் என்னும் முடிவுரையின் கடைசிப் பத்தியும் அந்த அளவுக்குள் வர வேண்டும்.

சிறு குறிப்புகள்

வரி 97: வளர்ப்பறையின் வெப்பநிலை 25 டிகிரி. சுருக்கத்தில் அதுவே 28.

வரி 140: ஸ்பேட் மானி தருவது அலகற்ற குறியீடு. படம் 4-இல் அது கிராமுக்கு மில்லிகிராம் பச்சையம் என்று குறிக்கப்பட்டுள்ளது. அளவீட்டுச் சமன்பாடு எதையாவது பயன்படுத்தியிருந்தால் அதைத் தரவும், இல்லையேல் அலகை நீக்கவும்.

படம் 3-இன் பிழைக்கோடுகள் திட்ட விலக்கமா, திட்டப் பிழையா என்று எங்கும் சொல்லவில்லை. படம் 5-இன் பட்டைகள் சுழியத்திலிருந்து தொடங்காமல் 20-இலிருந்து தொடங்குவதால் சிறு வேறுபாடு இரு மடங்காகத் தெரிகிறது. இரண்டிலும் பட்டைகளுக்குப் பதில் ஒவ்வொரு தொட்டியையும் புள்ளியாக இட்டு, தட்டுகளை நிறத்தால் பிரித்துக் காட்டினால் நன்று.

அட்டவணை 1-இல் மணல், வண்டல், களிமண் ஆகியவற்றின் கூட்டுத்தொகை 104 சதவீதம் வருகிறது.

வரி 188: "செடிகள் ஆரோக்கியமாகக் காணப்பட்டன". யார், எந்த அளவுகோலில், எந்தக் குழு என்று தெரியாமல் மதிப்பிட்டார்களா?

தக்காளி இரகத்தின் பெயரும் உயிர்க்கரியின் துகள் அளவும் விடுபட்டுள்ளன.

வரிகள் 212, 240, 277: "கணிசமாக" என்ற சொல் சில இடங்களில் புள்ளியியல் பொருளிலும் சில இடங்களில் வெறும் "மிகுதியாக" என்ற பொருளிலும் வருகிறது. புள்ளியியல் பொருளில் வரும் இடங்களில் சோதனையின் முடிவையும் உடன் தரவும்.