மதிப்பாய்வாளர் 2 அவர்களின் கருத்துகளுக்கு மறுமொழி: பிழை விகிதத்தை உயிர்மெய் எழுத்தளவில் கணித்தது ஏன்?

மதிப்புக்குரிய பதிப்பாசிரியருக்கு,

வணக்கம். கொழும்பில் 1948 முதல் 1970 வரை வெளிவந்த தமிழ் நாளிதழ்ப் பக்கங்களில் எழுத்துணரிகளின் செம்மையை ஒப்பிடும் எங்கள் கட்டுரைக்கு வந்த மதிப்பாய்வுகளை ஆழ்ந்து படித்தோம். மதிப்பாய்வாளர் 1 கேட்ட திருத்தங்கள் யாவும் செய்யப்பட்டுள்ளன; அவை தனிக் கோப்பில் உள்ளன. மதிப்பாய்வாளர் 2 எழுப்பியிருப்பது எங்கள் அளவுகோலைப் பற்றிய கேள்வி. அது கட்டுரையின் அடித்தளத்தையே தொடுவதால் விரிவாக மறுமொழி தருகிறோம். இவ்வளவு கூர்ந்து வாசித்தமைக்கு அவருக்கு எங்கள் உளமார்ந்த நன்றி.

கருத்து 2.1: "பிழை விகிதத்தை ஒருங்குறிக் குறியீட்டுப் புள்ளிகளின் அடிப்படையில் கணிப்பதே வழக்கம். ஆசிரியர்கள் முழு உயிர்மெய்யை ஓர் அலகாகக் கொண்டிருப்பதால் பிற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாமற் போகிறது. வழமையான முறைக்கு மாற்றுமாறு பரிந்துரைக்கிறேன்."

ஒப்பிடத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற அக்கறை நியாயமானது. ஆனால் தமிழைப் பொறுத்தவரை, குறியீட்டுப் புள்ளி நிலையான அலகாக இல்லை என்பதே எங்கள் நிலைப்பாடு. ஆங்கில உரையில் ஒரு புள்ளியும் ஓர் எழுத்தும் பெரும்பாலும் ஒன்றே என்பதால் அங்கே இந்தச் சிக்கல் எழுவதில்லை. தமிழில் ஒரே சொல்லின் நீளம், கோப்பு எந்த இயல்பாக்க வடிவில் சேமிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே மாறிவிடுகிறது. கீழுள்ள சில வரிகளை எவரும் இயக்கிப் பார்க்கலாம்:

```python
import regex, unicodedata as u
for f in ("NFC", "NFD"):
    s = u.normalize(f, "கொழும்பு")
    print(f, len(s), len(regex.findall(r"\X", s)))
```

NFC வடிவில் 8 புள்ளிகள். NFD வடிவில் 9. காரணம், "ொ" என்ற குறி U+0BCA என ஒற்றைப் புள்ளியாகவும் இருக்கலாம். U+0BC6, U+0BBE என்ற இரண்டாகவும் இருக்கலாம். ஒருங்குறித் தரத்தின்படி இரண்டும் சமம். எழுத்துகளின் எண்ணிக்கையோ இரு வடிவிலும் 4 தான்: கொ, ழு, ம், பு. இப்போது கருவி "கொழும்பு" என்பதை "கெழும்பு" என்று வாசித்ததாக வைத்துக்கொள்வோம். தாளில் விடுபட்டது ஓர் அரவு மட்டுமே. புள்ளிக் கணக்கில் NFC வடிவில் பிழை 12.5 சதவீதம், NFD வடிவில் 11.1 சதவீதம். எழுத்துக் கணக்கில் எந்த வடிவிலும் நான்கில் ஒன்று, 25 சதவீதம். எழுத்தளவு கடுமையான அளவுகோல் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கோப்பின் உள்வடிவம் மாறினாலும் அது ஆடாமல் நிற்கிறது.

NFC வடிவத்தை மட்டும் கட்டாயமாக்கினால் போதாதா என்று கேட்கலாம். அந்த ஒரு முரண்பாடு தீரும். ஆனால் அதைவிட முக்கியமான காரணம் எங்கள் மூலப் பக்கங்களிலேயே இருக்கிறது. இக்காலப் பக்கங்களில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவை பழைய கூட்டு வடிவில் அச்சாகியுள்ளன. தமிழ்நாட்டில் 1978 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் மாற்றியது இவ்வடிவங்களைத்தான். பழைய "றா"வில் அரவைத் தனியே பிரித்துக் காட்ட இயலாது; மெய்யும் குறியும் ஒரே வார்ப்பு. கு, ழு, பு ஆகியவற்றில் இன்றும் அதே நிலைதான். தாளில் தனித்து இல்லாத ஒரு குறியைக் கருவி பாதி சரியாக வாசித்தது என்று மதிப்பெண் தருவது அச்சுக்கும் பொருந்தாது, வாசிப்புக்கும் பொருந்தாது.

இந்தத் தேர்வு முடிவையே மாற்றுகிறது என்பதால்தான் அதை வலியுறுத்துகிறோம். புள்ளிக் கணக்கில் முதற் கருவியின் பிழை 5.2 சதவீதம், இரண்டாம் கருவியின் பிழை 5.9. எழுத்துக் கணக்கில் அவை முறையே 8.3, 7.4 என்றாகி வரிசை தலைகீழாகிறது. முதற் கருவி மெய்யின் புள்ளியையும் கொம்பையும் பக்கமெங்கும் சிதறலாகத் தவறவிடுகிறது. ஒவ்வொரு தவறும் ஒரு புதிய எழுத்தைக் கெடுக்கிறது. இரண்டாவதன் தவறுகள் ஒரே எழுத்தின் மெய்யிலும் குறியிலும் சேர்ந்து விழுகின்றன. திருத்துபவருக்கு எது அதிக வேலை என்பதை எழுத்துக் கணக்கே காட்டுகிறது. விசைப்பலகையில் ஒரு குறியை மட்டும் அழித்துத் திருத்தலாம் என்பது உண்மை. ஆயினும் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கண் எழுத்தெழுத்தாகவே நகர்கிறது. நேரம் செல்வது பிழையைக் கண்டுபிடிப்பதில்தான்.

இது நாங்களாக வகுத்த அலகும் அல்ல. பயனர் ஓர் எழுத்தென உணரும் தொகுதியை UAX #29 வரையறுக்கிறது. அங்குள்ள எடுத்துக்காட்டுகளில் தமிழ் "நி"யும் ஒன்று.

மதிப்பாய்வாளரின் அக்கறையை மதித்து, NFC வடிவில் கணித்த புள்ளி விகிதத்தை அட்டவணை 3-இல் புதிய நிரலாகச் சேர்த்துள்ளோம். பிற ஆய்வுகளோடு ஒப்பிட விரும்புவோர் அதைப் பயன்படுத்தலாம். முதன்மை அளவுகோலாக எழுத்தளவே தொடர்வதற்கு அனுமதி வேண்டுகிறோம்.

கருத்து 2.2: "நன்னூல் முதலெழுத்து முப்பது என்கிறது, உயிர்மெய் சார்பெழுத்தே. அவ்வாறாயின் மெய்யையும் உயிரையும் பிரித்தே எண்ண வேண்டாமா?"

மிகச் சிறந்த கேள்வி. ஒலியை ஆராயும் கட்டுரையென்றால் அப்படியே செய்திருப்போம். ஆனால் இந்த வாதம் குறியீட்டுப் புள்ளி முறைக்கு ஆதரவாக அமையாது என்பதைப் பணிவுடன் சுட்ட விரும்புகிறோம். இலக்கணத்தில் "க்" ஒன்று. "க" என்பது க், அ என்ற இரண்டின் கூட்டு. ஒருங்குறியில் இது நேர் எதிர்: "க" ஒரு புள்ளி, "க்" இரண்டு. ஆக, புள்ளிகளை எண்ணுவது இலக்கணத்தையும் பின்பற்றவில்லை, அச்சு வடிவத்தையும் பின்பற்றவில்லை. கருவி வாசிப்பது ஒலியை அன்று, வடிவத்தை. ஆதலால் வரிவடிவ எழுத்தை எடுத்துக்கொண்டோம். இவ்விளக்கத்தைப் பிரிவு 3.2-இல் சேர்த்துள்ளோம், இதற்கு வழிவகுத்தது இந்தக் கேள்வியே.

கருத்து 2.3: "எழுத்தளவு வேண்டாமெனில் சொல்லளவுப் பிழை விகிதத்தைத் தரலாமே?"

தமிழ்ச் சொற்களின் நீளத்தால் தயங்குகிறோம். "கொழும்பிலிருந்து" எட்டு எழுத்து. அதில் ஒரு மெய்யின் புள்ளி விடுபட்டாலும் முழுச் சொல்லும் பிழையாகிறது. மேலும் பழைய பக்கங்களில் வரியை நிரப்புவதற்காகச் சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் கோத்திருக்கிறார்கள். அங்கே சொல்லின் எல்லை எது என்பதில் மூலப்படியைத் தட்டெழுதிய இருவரிடையேகூட ஒருமைப்பாடு குறைவாக இருந்தது.

கருத்து 2.4: "ஔகாரக் குறியும், கொம்பையடுத்த ளகரமும் பார்வைக்கு ஒன்றே. இது எழுத்தளவைப் பாதிக்காதா?"

பாதிக்கும். "பௌத்தம்" என்பதைக் கருவி கொம்பும் ளகரமுமாகத் தந்தால், கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டுக்கு இரண்டு பிழைகள் பதிவாகும். எங்கள் பக்கங்களில் இச்சொல் அடிக்கடி வருவது. எனவே ஒப்பிடுவதற்கு முன் மூலப்படியிலும் கருவியின் வெளியீட்டிலும் "ௌ" எல்லாவற்றையும் "ெள" என மாற்றியே கணித்துள்ளோம். மறுதிசையில் மாற்றவில்லை, மாற்றினால் "வெள்ளம்" போன்ற சொற்கள் சிதைந்துவிடும். இந்தப் படி முன்பு பின்னிணைப்பில் இருந்தது. இப்போது முறையியல் பகுதிக்கே கொண்டுவந்துள்ளோம்.

திருத்தப்பட்ட படியில் மாற்றங்கள் அனைத்தும் நீல நிறத்தில் உள்ளன. கணிப்பு நிரலையும், இருவர் தட்டெழுதிச் சரிபார்த்த மூலப்படிகளையும் இத்துடன் இணைத்துள்ளோம். மதிப்பாய்வாளர் விரும்பினால் வேறோர் அலகைக் கொண்டு எங்கள் முடிவுகளை மீளக் கணித்துப் பார்க்கலாம். அதில் எழும் எந்த ஐயத்துக்கும் விளக்கமளிக்கக் காத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
கட்டுரையாசிரியர்கள்
கொழும்பு