திரைக்கு மேலே தெரியும் முகம்: அப்பாவின் ஓவியத்துக்கான குறிப்பு

ஓவியர் அண்ணனுக்கு வணக்கம்.

போன வாரம் எழும்பூரில் உங்கள் அறைக்கு வந்திருந்தபோது, "கூத்து வேடம் கட்டிய பிறகு எல்லா முகமும் ஒரே முகம்தானே, உங்கள் அப்பாவை நான் எங்கே தேடுவது?" என்று கேட்டீர்கள். அப்போது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததை எழுதி அனுப்புகிறேன். குறிப்பு நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஒருவரிடம் கொடுத்து ஒரு படம் வாங்கி ஏமாந்திருக்கிறோம். அதில் கிரீடம் இருந்தது, மீசை இருந்தது, சிவப்பு இருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "யார் இந்த ஆள்?" என்றார்.

அந்தப் படத்தில் நடந்த முதல் பிழை, தாடையைச் சுற்றி வெள்ளை வளைவு ஒன்றை வரைந்திருந்ததுதான். அது கதகளியின் சுட்டி. பச்சை, கத்தி என்ற வேஷங்களுக்கு அரிசி மாவும் சுண்ணாம்பும் குழைத்து ஒட்டி எழுப்புவது, இப்போது தாளிலும் வெட்டி ஒட்டுகிறார்கள். அது தாடையை மறைத்து முகத்துக்கே வேறொரு விளிம்பு கட்டிவிடும். தெருக்கூத்தில் அது கிடையாது. நம் ஆட்கள் தோலின் மேல் நேரடியாக வண்ணம் பூசுகிறார்கள், அவ்வளவுதான். எலும்பு எங்கே மேடோ அங்கே வண்ணமும் மேடு, எங்கே குழியோ அங்கே குழி. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: இந்த அரிதாரம் முகத்தை மூடுவதில்லை. எட்டத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கும் தெரியும்படி முகத்தைத் தடித்த கோட்டில் எழுதிக் காட்டுகிறது.

ஆகவே முதலில் வண்ணமில்லாத முகத்தைப் பென்சிலில் வரையுங்கள். அதை அம்மாவிடம் காட்டி, அவர் தலையாட்டிய பிறகு வண்ணத்தைத் தொடுங்கள். இது ஒன்றுதான் என் நிபந்தனை.

அப்பாவுக்கு வயது 59. வருகிற தை மாதம் அறுபதாம் கல்யாணம், அதற்குத்தான் இந்த ஓவியம். செய்யாறு பக்கத்திலிருந்து 1986இல் சென்னைக்கு வந்தவர். கொத்தவால் சாவடியில் மூட்டை இறக்கினார், 1996இல் சந்தை கோயம்பேட்டுக்குப் போனபோது அவரும் கூடவே போனார். பிறகு மீன்பாடி வண்டி ஓட்டினார். சித்திரை, வைகாசியில் மட்டும் ஊருக்குப் போய், பாரதக் கூத்தில் துரியோதனன் கட்டுவார். நாற்பது இரவு விழித்துவிட்டு, கழுத்தில் சிவப்புக் கறை போகாமலே வேலைக்குத் திரும்புவார்.

அவர் முகம் நீள்முகம். கன்னத்து எலும்பு உயரத்தில் நிற்கிறது. மேல் வரிசையில் இடப்பக்கம் இரண்டு கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டதால் இடது கன்னம் சற்று உள்வாங்கியிருக்கும், வலது கன்னம் அப்படியில்லை. மூக்குத் தண்டின் நடுவில் ஒரு முடிச்சு, அதற்குக் கீழே மூக்கு வலப்பக்கமாக ஒரு நூல் சாய்ந்திருக்கும். வண்டி கவிழ்ந்த நாளில் கைப்பிடி பட்டு உடைந்த மூக்கு அது. இடது புருவத்தின் வால் பக்கம் ஒரு தழும்பு, அங்கே மட்டும் முடி முளைப்பதில்லை. கண்கள் சிறியவை, ஆழத்தில் இருப்பவை. கீழுதடு தடிப்பு, மேலுதடு மெலிது. காது இரண்டும் பெரியவை, கடுக்கன் போட்டுத் தூர்ந்துபோன ஓட்டை வலக்காதில் இன்னும் புள்ளியாகத் தெரியும். இவற்றில் எதையும் சரிசெய்துவிடாதீர்கள். முக்கியமாக மூக்கை.

இனி வண்ணம். துரியோதனனுக்குச் சிவப்பு. இந்தச் சிவப்பு கடையில் விற்கும் குங்குமச் சிவப்பல்ல. செந்தூரப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து உள்ளங்கையால் தேய்த்துப் பூசியது, அதனால் கொஞ்சம் ஆரஞ்சு ஓடும், எண்ணெய் மினுக்கும் இருக்கும். நெற்றியில் எலும்பு புடைத்த இடத்திலும் மூக்கு முடிச்சின் மேலும் விளக்கு வெளிச்சம் பட்டு அது பளபளக்க வேண்டும். கண்ணைச் சுற்றிக் கரிய மை, கடைக்கண்ணிலிருந்து காதுப்பக்கப் பொட்டை நோக்கி மேலே இழுத்த வால். புருவமும் மையால் தடித்து, வில்லாக வளைந்து போகும். ஆனால் இடது புருவத்தில் தழும்பு இருக்கும் இடத்தில் மை சரியாகப் பிடிக்காது. அந்த இடைவெளி ஒரு நெல்மணி அளவுக்குத் தெரியட்டும். நெற்றியில் நாமம். மீசை அவருடையதுதான், அதன் மேல் மை தீட்டி, கன்னத்தில் காதுவரை சுருட்டி ஏற்றியிருப்பார்.

வெள்ளைப் புள்ளிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எட்டு வயதில், கொட்டகைக்குள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன். தகரப் பெட்டியின் மூடியைத் திறந்து, அதில் கைக்கண்ணாடியைச் சாய்த்து வைப்பார். சிரட்டையில் முத்துவெள்ளை குழைத்திருக்கும். ஈர்க்குச்சியின் நுனியை அதில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, புருவத்துக்கு மேலே ஒன்று, அதற்கடுத்து ஒன்று என்று வைத்துக்கொண்டே வருவார். பொட்டிலிருந்து கன்னத்து எலும்பின் விளிம்பு வழியாக மூக்கோரம் வரை ஒரு வரிசை இறங்கும். நான்கு புள்ளிக்கு ஒருமுறை மூச்சு விடுவார். விரலால் எலும்பைத் தடவி இடம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த புள்ளி. கண்ணாடியைவிட அந்த விரலைத்தான் அவர் நம்பினார் என்று நினைக்கிறேன். அதனால் ஓவியத்தில் புள்ளிகளை அலங்காரமாக எண்ணி இஷ்டத்துக்குத் தூவ வேண்டாம். அவை அப்பாவின் கன்ன எலும்பு போகும் வழி.

எந்த நேரத்து அரிதாரம் என்பதும் முக்கியம். பூசி முடித்த பத்து மணி முகம் எனக்கு வேண்டாம், அது பொம்மை முகம். இரவு ஒரு மணிக்கு ஒரு முகம் வரும். இரண்டு முறை ஆடி வியர்த்து, மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பில் சிவப்பு கீறலாகப் பிளந்து, உள்ளே மாநிறத் தோல் தெரியும். மேலுதட்டு வியர்வையில் மீசை மை லேசாகக் கசிந்திருக்கும். நெற்றியில் மூன்று சுருக்கங்களும் இருண்ட கோடுகளாகத் தெரியும். அந்த முகத்தை வரையுங்கள். வயதும் உழைப்பும் அதில்தான் தெரிகின்றன. காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் வண்ணம் இல்லாத இடத்தில் அவருடைய சொந்த நிறம் அப்படியே இருக்கட்டும். தாடைக்குக் கீழே சிவப்பு முடியும் எல்லை நேர்கோடாக இராது, விரல் தடம் தெரியும்.

கிரீடம் கட்டை வகை. கல்யாண முருங்கை மரத்தைச் செதுக்கியது, கனமில்லாத மரம். ஆனாலும் விடியும்வரை தலையில் தாங்கினால் கனம்தான். மேலே கூம்பி, இரு பக்கமும் விசிறிபோல் அகன்றிருக்கும். அப்பாவின் கிரீடம் ஏறக்குறைய ஒன்றரை அடி உயரம். வண்ணத் தாளும் ஜிகினாவும் ஒட்டி, நடுவில் வட்டக் கண்ணாடித் துண்டுகள் பதித்தது. வலப்பக்கம் மேலிருந்து இரண்டாவது கண்ணாடி உடைந்து, அந்த இடத்தில் பாட்டரி டப்பா தகரத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார். அது மற்றவற்றைவிட மங்கலாக மின்னும். கிரீடத்தைத் தலையோடு இறுக்கிய துணி நாடா நெற்றியின் மேல்விளிம்பை அழுத்தி, தோலைச் சற்று மேலே இழுக்கும். அவருடைய சிறிய கண் அந்த இழுப்பில்தான் பெரிதாகத் தெரிகிறது. கண்ணைப் பெரிதாக வரையாமல், நாடாவின் இழுப்பை வரைந்தாலே போதும். தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம். படம் மார்போடு முடிந்துவிடுவதால் இவை ஓரளவு தெரிந்தால் போதும், நுணுக்கம் வேண்டாம்.

முகபாவம் பற்றி எங்கள் வீட்டிலேயே சண்டை. தம்பிக்குப் படுகளம் வேண்டுமாம். மண்ணில் செய்து கிடத்திய பெரிய துரியோதனன் உருவத்தின் மேல் பீமனோடு மோதும் நேரம், வாய் பிளந்து கர்ஜிக்கும் முகம். வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். வாயைப் பிளந்தால் கன்னம் இழுபட்டு எல்லார் முகமும் ஒன்றுபோல் ஆகிவிடும், அப்பாவின் கீழுதடும் காணாமல் போகும். எனக்கு வேண்டியது திரைப் பிரவேசம். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடி, முதுகைக் காட்டி ஆடிவிட்டு, சட்டென்று திரும்பி, திரையின் மேல்விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சபையைப் பார்ப்பாரே, அந்த நேரம்.

அப்போது வாய் மூடியிருக்கும். கீழுதடு முன்னே தள்ளியிருக்கும். மூக்கு விடைத்திருக்கும். இடது புருவம் ஏறும், வலது ஏறாது. கண் கூட்டத்தின் தலைக்கு மேலே எங்கேயோ பார்க்கும். அவன் அரசன், நம்மைப் பார்க்க மாட்டான். ஆனால் வாயின் இடது ஓரம் மட்டும் கொஞ்சம் உள்ளே மடங்கியிருக்கும், பல் போன பக்கம். வீட்டில் கணக்குப் பார்க்கும்போதும், பஸ் வராமல் நிற்கும்போதும் அதே மடிப்புதான். அதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வெளிச்சம் இரு பக்கத்துக் கம்பத்தில் கட்டிய டியூப்லைட். இடப்பக்க விளக்கு கிட்டத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், மூக்கின் சாய்வு நிழலில் தெரியும். பின்னால் வெறும் இருட்டு. கோபுரம், வாழைமரம், பறக்கும் புழுதி எதுவும் வேண்டாம். திரை பழைய வேட்டித் துணி, அதன் மேல்விளிம்பில் சிவப்பு விரல் கறை.

அளவு இரண்டரை அடிக்கு மூன்றரை அடி. புளியந்தோப்பு வீட்டில் மாட்டப்போவது சன்னலுக்கு எதிர்ச்சுவர், மதிய வெயில் நேராக விழும். அதற்குத் தாங்கும் வண்ணமாகப் பாருங்கள். இத்துடன் ஆறு புகைப்படங்கள் இருக்கின்றன. ஓட்டுநர் உரிமத்துக்கு எடுத்த படம் மூக்குக்கு. என் கல்யாணத்தில் எடுத்த பக்கவாட்டுப் படம் தாடைக்கு. வேடத்தில் எடுத்தவை மூன்று, அவற்றில் இரண்டு மங்கல். மொட்டை மாடியில் துண்டோடு நிற்கும் படம் கழுத்து நிறத்துக்கு.

முன்பணம் ஐயாயிரம் தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன். அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்பதால் அவரை நேரில் உட்காரவைக்க முடியாது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு எங்கள் தெருமுனைக் கடையில் டீ குடிக்க வருவார். நீங்கள் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள், பேச்சுக் கொடுத்தால் அவரே கூத்துக் கதைக்கு வந்துவிடுவார்.

ஒன்று மறந்துவிட்டேன். இடது கன்னத்தில் பதினொரு புள்ளி, வலது கன்னத்தில் ஒன்பதுதான். வலக்கையால் வலப்பக்கம் வைக்கும்போது முழங்கை கண்ணாடியை மறைக்கிறது என்பார். இரண்டு பக்கமும் சமமாக வைத்துவிடாதீர்கள்.